‘பால் கலக்காத’ தேங்காய்ப்பால் பவுடரில் பால் இருக்கிறது: பால் அலர்ஜி உள்ளவர்கள் கவனத்துக்கு

எங்கள் கடைப் பலகையில் தேங்காய்ப்பால் காபி, தேங்காய்ப்பால் டீ இரண்டுக்கும் நேரே "பால் இல்லை" என்று எழுதியிருந்த வரியை அழித்துவிட்டோம். அதை நம்பிக் குடித்த எல்லோருக்கும் இது தெரிய வேண்டும்: அந்த இரண்டிலும் போட்ட பவுடரில் பால் புரதம் இருந்தது. பவுடரை விற்றவர் சொன்னது பொய். இதே பவுடர் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வேறு கடைகளுக்கும் போயிருக்கலாம். அதனால்தான் விவரமாக எழுதுகிறோம்.

விற்றவர் கொண்டுவந்தது ஒரு கிலோ வெள்ளிப் பொட்டலம். "பொள்ளாச்சித் தேங்காயில எடுத்த பவுடருங்க, மாட்டுப்பால் ஒரு சொட்டு கிடையாதுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பெயர், எடை, பச்சைப் புள்ளி, காலாவதித் தேதி மட்டும். சேர்மானப் பட்டியல் கிடையாது. அவர் அதைத் தயாரிப்பவர் அல்ல. 25 கிலோ மூட்டையை வாங்கிப் பிரித்துக் கட்டுபவர். மூட்டையின் அச்சைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கிப் பார்த்ததில் எல்லாம் தெளிவாகவே இருந்தது: தேங்காய்ப்பால், மால்டோடெக்ஸ்ட்ரின், சோடியம் கேசினேட். அதற்குக் கீழேயே ‘பால் சார்ந்த பொருள் அடங்கியது’ என்ற ஒவ்வாமை எச்சரிக்கை. தயாரித்தவர் ஒளிக்கவில்லை. பிரித்துக் கட்டியபோது அந்த வரியைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு வந்த பதில்: "கேசினேட்டுங்கறது கெமிக்கலுங்க, பால் இல்லீங்க." உடைத்த பொட்டலத்தைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்.

கேசினேட் பாலிலிருந்து வருவதுதான். பாலைப் புளிக்கவைத்தால் திரண்டு வரும் புரதம் கேசின். அதைக் கழுவி, காரம் சேர்த்து, தண்ணீரில் கரையும்படி செய்து உலர்த்தினால் சோடியம் கேசினேட். பால் அலர்ஜியைக் கிளப்பும் முக்கியமான புரதங்களில் கேசினும் ஒன்று. இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிறு உப்புசம், வயிற்றுப்போக்கு வருகிறவர்களுக்குக் கேசினேட் பெரும்பாலும் தொல்லை தராது, அதில் லாக்டோஸ் அநேகமாக இருக்காது. பால் புரத அலர்ஜி உள்ளவர்கள் கதை வேறு. அவர்களுக்குச் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வரலாம். மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 2013-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டின்னில் அடைத்த தேங்காய்ப் பானம் குடித்து 10 வயதுச் சிறுவன் இறந்தான். அந்த டின்னின் சீட்டிலும் பால் இருப்பதைப் போடவில்லை.

"கொஞ்சம்தானே இருக்கும்" என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 மில்லி கோப்பைக்குப் பவுடர் 20 கிராம் போகிறது. மூட்டையில் சதவீதம் போடவில்லை. கேசினேட் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கோப்பைக்கு 1 கிராம். பசும்பால் 100 மில்லியில் கேசின் ஏறக்குறைய இரண்டரை கிராம் இருக்கும். ஆக, ‘பால் இல்லாத’ அந்தக் கோப்பையில் 40 மில்லி பாலுக்குரிய கேசின் போகிறது. கடும் அலர்ஜி உள்ளவர்களுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலே ஆபத்து.

தேங்காய்ப் பவுடரில் இதை ஏன் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தால் கண்டுபிடிப்பதும் சுலபம். தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம். அதை அப்படியே சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் பவுடராகாது, எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் அதற்கு உடம்பு கொடுக்கிறது. கேசினேட் ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி உறை போட்டு, திரும்பக் கரைக்கும்போது பிரியாமல் பிடித்துவைக்கிறது. கையால் பிழிந்த தேங்காய்ப்பாலைக் கொதிக்கும் டிக்காஷனில் ஊற்றிப் பாருங்கள்: 80 டிகிரி தாண்டினால் திரிதிரியாகப் பிரியும், மேலே எண்ணெய் கண்ணாடி மாதிரி மினுக்கும். பவுடர் போட்டது கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் கடைசி மடக்கு வரை ஒரே வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பைப் பார்த்தால் கேள்வி கேளுங்கள்.

ஆனால் பார்வையை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது. கேசினேட் போடாத பவுடரும் சந்தையில் உண்டு. அதில் மாற்றியமைத்த மாவு (பட்டியலில் INS 1450) அல்லது சோயாப் புரதம் இருக்கும், அதுவும் பிரியாது. எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிகிறதா பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்கிறார்கள். அது இங்கே உதவாது: சோயாவும் புளிப்பில் திரியும். கேசினேட் கொஞ்சமாக இருந்தால் திரிவது கண்ணுக்கே தெரியாது. சீட்டைப் படிப்பதுதான் வழி. சீட்டு இல்லை என்றால் வாங்காமல் இருப்பதுதான் வழி.

சீட்டில் பார்க்க வேண்டியவை: கேசின், கேசினேட், வே எனும் பால் தெளிநீர், பால் திடப்பொருள், பால் புரதம். இதில் எது இருந்தாலும் பால்தான். ‘நான் டெய்ரி’ என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்ட காபி வெள்ளையாக்கிப் பவுடர் பலவற்றிலும் பின்பக்கம் கேசினேட் இருக்கும், கவனமாகத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும் சொல்கிறது, பாலும் அதற்குள் அடக்கம். பால் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராததற்கு இந்தியாவில் தனிச் சின்னம் உண்டு. 2022 விதிகளின்படி வந்த, இலை முளைத்த ‘V’ எழுத்து. அதுவும் சேர்மானத்தைத்தான் சொல்கிறது. ஆலையில் ஒட்டிக்கொண்ட பால் துகளைப் பற்றிய உத்தரவாதமாக அலர்ஜிக்காரர்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020-ன் லேபிள் விதிகள்படி சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும், பால் இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டும். பிரித்துக் கட்டுபவருக்கும் இது பொருந்தும்.

சர்க்கரை விஷயத்திலும் இதே பவுடர் ஏமாற்றியது. மால்டோடெக்ஸ்ட்ரின் இனிக்காது, சீட்டில் ‘சர்க்கரை’ வரியில் பெரும்பாலும் ஏறாது. ஆனால் உடம்பில் குளுக்கோஸாக உடைவது வெள்ளைச் சர்க்கரையை விட வேகமாக. நீரிழிவு உள்ளவர்கள் ‘மொத்த கார்போஹைட்ரேட்’ வரியைப் பாருங்கள்.

இப்போது எங்கள் கடையில் பவுடர் இல்லை. முற்றிய தேங்காய் ஒன்றின் துருவலை 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, துணியில் பிழிந்து முதல் பாலை மட்டும் எடுக்கிறோம். 70 டிகிரி வரை நீர்ச்சூட்டில் வைத்து, சற்று ஆறிய டிக்காஷனை அதில் ஊற்றுகிறோம். ஆகவே காபி முன்பு மாதிரி ஆவி பறக்க வராது, மேலே லேசாக எண்ணெய் மிதக்கும், கலக்கிக் குடியுங்கள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்த தேங்காய்ப்பாலைக் கொட்டிவிடுகிறோம்.

புதுப் பலகையில் உள்ளது இதுதான். தேங்காய்ப்பால் காபி, டீ: மாட்டுப்பால் சேர்க்கவில்லை, காஃபீன் உண்டு, நாட்டுச் சர்க்கரை 10 கிராம், வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையாக இருந்தாலும் சேர்த்த சர்க்கரைதான், நீரிழிவுக்கு அதில் சலுகை கிடையாது. கடுங்காபி: பால் சேர்க்கவில்லை. தூளில் 30 சதவீதம் சிக்கரி. சிக்கரியில் காஃபீன் கிடையாது, மீதிக் காபியில் உண்டு. சுக்கு மல்லி காபி: பால் சேர்க்கவில்லை. பெயரில்தான் காபி, நாங்கள் காபித்தூள் போடுவதில்லை, அதனால் காஃபீன் இல்லை. கருப்பட்டி சேர்த்தே கொதிக்கவைக்கிறோம், தனியாக எடுக்க முடியாது. வேறு கடைகளில் நிறத்துக்கும் மணத்துக்கும் கடைசியில் ஒரு சிட்டிகை காபித்தூள் தூவுவார்கள், ராத்திரி தூக்கம் கெடுகிறவர்கள் "அண்ணா, சுக்கு காபியில காபித்தூள் போடறீங்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராகிக் கூழ், கம்பங்கூழ்: மோர் சேர்கிறது, ஆகவே பால் உண்டு, காஃபீன், சர்க்கரை இல்லை. சாக்லேட் பானம்: பால், காஃபீன், சர்க்கரை மூன்றும் உண்டு. கோகோவிலும் காஃபீன் கொஞ்சம் இருக்கிறது, குழந்தைக்குச் சாயங்காலம் வாங்குகிறவர்கள் யோசித்து வாங்குங்கள். இளநீர்: மூன்றும் இல்லை, இனிப்பு அதன் சொந்த இனிப்பு. இளநீர் சர்பத்தில் சர்க்கரைப் பாகு ஊற்றுகிறோம்.

அந்தப் பவுடரை வாங்கியிருக்கும் கடைக்காரர்கள் மீதியைக் கொட்டாமல், பொட்டலத்தையும் பில்லையும் வைத்திருங்கள். சீட்டில் 14 இலக்க உரிம எண் இருந்தால் foscos.fssai.gov.in தளத்தில் போட்டு, அது யாருடையது, பிரித்துக் கட்ட அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லை என்றால் அதுவே புகாருக்குப் போதும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் உடைக்காத பொட்டலம் ஒன்றோடு எழுதிக் கொடுங்கள். உடைத்ததைக் கொடுத்தால் கடையில் கலந்தது என்று விற்றவர் சொல்லிவிடுவார். நாங்களும் புகார் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறோம். தேங்காய்ப்பாலுக்குத் தனிப் பாத்திரம், தனி வடிகட்டி, தனிக் கரண்டி வைத்துவிட்டோம். ஆனாலும் ஒரே மேடையில்தான் பால் காய்கிறது, ஆற்றும்போது தெறிக்கிறது, டம்ளர்கள் ஒரே தொட்டியில்தான் கழுவப்படுகின்றன. பால் சேர்க்காத பானம் என்று எழுதுவோம், பால் துகளே இல்லாத பானம் என்று எழுத மாட்டோம். பால் பட்டாலே மூச்சு அடைக்கும் அளவுக்கு அலர்ஜி உள்ளவர்கள் எங்கள் கடையில் காபி, டீ எதுவும் குடிக்க வேண்டாம். இளநீர் கேளுங்கள், கண்முன்னே சீவி, டம்ளரில் ஊற்றாமல் காயாகவே தருகிறோம்.