எந்த ஓய்வூதியம் யாருக்கு? கிராம சபையில் பெரியவர்களிடம் சொன்ன ஒப்பீடு

கிராம சபைக் கூட்டத்தில் முதியோர் ஓய்வூதியம் பற்றிப் பேச எழுந்தால், முன்வரிசையிலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அறுபது முடிந்துவிட்டது, எனக்கு எவ்வளவு வரும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது: "ஐம்பது வயதில் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள்? அதற்கு ஏதாவது அட்டை வாங்கினீர்களா?" தமிழ்நாட்டுக் கிராமத்தில் அறுபதைக் கடந்த ஒருவர் கேட்டுப் பெறக்கூடிய ஓய்வூதியம் ஒன்றல்ல. அவை ஒவ்வொன்றும் வேறு நிபந்தனையோடு, வேறு அலுவலகத்தில் இருக்கின்றன. ஆனால் ஒருவருக்கு ஒன்றுதான் கிடைக்கும். அதனால் எதைக் கேட்பது என்பதை மனு எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்தது வருவாய்த் துறை வழங்கும் முதியோர் ஓய்வூதியம். ஊரில் 'ஓ.ஏ.பி.' என்பார்கள். முழுப் பெயர் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம். மாதம் 1,000 ரூபாயாக இருந்ததைத் தமிழக அரசு 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாக உயர்த்தியது. இதில் மத்திய அரசின் பங்கு எண்பது வயதுக்குக் கீழே 200 ரூபாய், எண்பதுக்கு மேலே 500 ரூபாய். மீதி மாநில அரசுடையது. எண்பது வயதானவுடன் கையில் வரும் தொகை கூடும் என்று நம்பிப் பலர் அலைகிறார்கள். கூடாது. பங்கு மாறுகிறது, மொத்தம் மாறுவதில்லை. அந்த வயதில் அதற்காகத் தாலுகா அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டாம்.

இந்தத் திட்டத்தின் மையம் வயதைவிட ஆதரவின்மை. வருமானம் இல்லை, பெரிய சொத்து இல்லை, கவனிப்பாரும் இல்லை என்பதைக் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து எழுத வேண்டும். பெரும்பாலான மனுக்கள் தடுக்கி நிற்பது இங்கேதான். மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார், வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வருகிறார், பணம் அனுப்புவதில்லை. ஆனால் தாயின் பெயர் மகனுடைய ரேஷன் அட்டையில் இருக்கிறது. விசாரணைக்கு வருபவர் கண்ணில் அது 'மகன் பராமரிப்பில் இருக்கிறார்' என்றே படும். உண்மையிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள், மனுக் கொடுப்பதற்கு முன் தனி ரேஷன் அட்டைக்கு விண்ணப்பிப்பது நல்லது. மகனோடு ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் இருந்துகொண்டு தாளில் மட்டும் பிரிந்தால் விசாரணையில் அது நிற்காது; பக்கத்து வீட்டாரிடம் கேட்பார்கள்.

இதற்கு நேர் மாறானது தொழிலாளர் நல வாரிய ஓய்வூதியம். கட்டுமானத் தொழிலாளர் வாரியம் 1994-இல் அமைந்தது. பிறகு தையல், சலவை, முடிதிருத்தம், மண்பாண்டம், பனைத்தொழில், ஆட்டோ, வீட்டுவேலை என்று பல தொழில்களுக்கு வாரியங்கள் வந்தன. கொத்தனாராகவோ சித்தாளாகவோ இருந்து உறுப்பினர் அட்டை வாங்கி, அதை உயிரோடு வைத்திருந்தவர், அறுபது வயது முடிந்ததும் ஓய்வூதியம் கேட்கலாம். இங்கே மகன் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டு வீடு இருக்கிறதா, கால் ஏக்கர் இருக்கிறதா என்பதும் கேள்வியில்லை. செய்த வேலைக்கான உரிமையாக இது வருகிறது. அட்டை வைத்திருக்கும் ஒருவர் முதியோர் ஓய்வூதிய வரிசையில் போய் நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. எளிதாகக் கிடைக்கக்கூடியதை விட்டுவிட்டு, தன் வறுமையை நிரூபிக்கும் கடினமான வழியில் அவர் நிற்கிறார்.

வாரியத்தின் பலவீனமும் அதே அட்டைதான். பதிவு செய்யும் வயது 18 முதல் 60 வரை. அறுபது தாண்டிய பிறகு புதிதாகச் சேர முடியாது. பதிவைக் காலாகாலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். அதனால் கூட்டத்தில் பெரியவர்களுக்குச் சொல்லும்போதே, அவர்களோடு வந்திருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரர்களைப் பார்த்தும் சொல்கிறேன்: பரணில் கிடக்கும் அட்டையை இன்றிரவே எடுத்து, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள்.

விண்ணப்பிக்கும் இடமும் வேறு. முதியோர் ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிய வேண்டும். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். ஆணை போடுவது அவர்தான். ஊராட்சித் தலைவரோ செயலரோ அல்ல. வாரிய ஓய்வூதியத்துக்கு மாவட்டத் தலைநகரில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம், tnuwwb.tn.gov.in என்ற இணையதளத்திலும் பதியலாம். தாலுகா அலுவலகத்தில் வாரிய மனுவைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. இரண்டு துறைகளும் வெவ்வேறு. ஒன்றின் மனு மற்றொன்றுக்குத் தானாகப் போவதில்லை.

வருவாய்த் துறை ஓய்வூதியத்துக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. தகுதி இருந்தாலும் ஒதுக்கீட்டில் இடம் வரும் வரை காத்திருக்க நேரும். அதே சமயம் பணத்தோடு வேறு பலன்களும் அதில் உண்டு: ரேஷன் கடையில் மாதந்தோறும் இலவச அரிசி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி அல்லது சேலை.

நிலத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு 2011-இல் வந்த முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. விவசாயக் கூலிகளும், இரண்டரை ஏக்கர் நன்செய் அல்லது ஐந்து ஏக்கர் புன்செய் வரை வைத்திருக்கும் சிறு குறு விவசாயிகளும் இதில் உறுப்பினர் ஆகலாம். இதிலும் முதியோருக்கு ஓய்வூதியம் உண்டு. மனு போகும் வழி வருவாய்த் துறைதான் என்பதால் மேலே சொன்ன விசாரணை இங்கும் நடக்கும். பழைய உறுப்பினர் அட்டை இருந்தால் அதை மனுவோடு வைக்க வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாத ஒரு வேறுபாட்டைக் கூட்டத்தில் நான் இரண்டு முறை சொல்வேன். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய். முதியோர் தொகையைவிட 300 ரூபாய் கூடுதல். சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர், பார்வை பெருமளவு போனவர், காது கேளாதவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர் எல்லாம் வயதைக் காட்டி மனுக் கொடுக்கிறார்கள். மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று கொடுத்தால், கேட்க வேண்டியது இதைத்தான். முழங்கால் வலியும் முதுகு வலியும் இதில் வராது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முகாம் எந்த நாளில் என்று கேட்டு, பழைய மருத்துவமனைச் சீட்டுகளோடு போக வேண்டும்.

கணவரை இழந்தவர்களுக்குத் தனி ஓய்வூதியம் இருக்கிறது. தொகை முதியோருக்கு உள்ள அதே 1,200 என்பதால், அறுபதைக் கடந்தவர் விதவை ஓய்வூதியத்திலிருந்து முதியோர் ஓய்வூதியத்துக்கு மாற முயல்வதில் லாபமில்லை. கைவசம் இருப்பதைத் தொடரட்டும். புதிதாகக் கேட்பவர், எந்தச் சான்று எளிதில் கிடைக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கணவரின் இறப்புச் சான்று கையில் இருந்து, வயதுச் சான்று குழப்பமாக இருந்தால் விதவை ஓய்வூதியமே நேரான வழி.

ஒரு குடும்பத்தை எடுத்துப் பார்ப்போம். அம்மாவுக்கு 63 வயது, கணவர் இல்லை. இருபது ஆண்டு சித்தாள் வேலை. வாரிய அட்டை காலாவதியாகாமல் இருக்கிறது. மகன், மருமகளோடு ஒரே ரேஷன் அட்டை. இப்போது அவருக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. "அதுதான் வருகிறதே, இன்னும் எதற்கு?" என்று அவர் கேட்கிறார்.

முதியோர் ஓய்வூதியம் கேட்டால் மகன் வீட்டில் இருப்பதால் தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். விதவை ஓய்வூதியத்திலும் அதே கேள்வி வரும். வாரியத்தில் அந்தக் கேள்வியே இல்லை. எனவே அவர் போக வேண்டிய இடம் தொழிலாளர் அலுவலகம். உரிமைத் தொகை ஒரு ரேஷன் அட்டைக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஓய்வூதியம் வாங்குபவர் அதையும் சேர்த்து வாங்க முடியாது. ஆனால் ஓய்வூதியம் பெறும் முதியவர் இருக்கும் வீட்டில் தகுதியுள்ள மற்றொரு பெண் விண்ணப்பிக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் விதி தளர்த்தப்பட்டது. அம்மா ஓய்வூதியத்துக்கு மாறினால், மருமகளுக்குத் தகுதி இருக்கும்பட்சத்தில் உரிமைத் தொகை விண்ணப்பம் திறக்கும்போது கேட்கலாம். இங்கே வரிசை முக்கியம்: ஓய்வூதிய ஆணை கையில் வரும் வரை உரிமைத் தொகையை விட்டுவிடக் கூடாது. ஆணை வந்தபின் இரண்டையும் மறைத்து வாங்கவும் கூடாது. எல்லாம் ஆதாரோடு இணைந்திருப்பதால் பின்னால் தெரியவரும். அப்போது இரண்டுமே நின்றுபோகலாம்.

அறுபது வயதுக்காரரிடம் 'மாதம் கட்டினால் ஓய்வூதியம்' என்று சிலர் அடல் ஓய்வூதியத் திட்டத்தைச் சொல்லிப் போகிறார்கள். அதில் சேரும் வயது 18 முதல் 40. பெரியவர்கள் யாரும் அதற்கென்று பணம் கொடுக்க வேண்டாம். மில்லிலோ தொழிற்சாலையிலோ பி.எஃப். பிடித்து பத்து ஆண்டு வேலை செய்தவர்கள் மட்டும் தனியாக என்னிடம் வாருங்கள். அவர்களுக்கு 58 வயதிலிருந்தே வைப்பு நிதி அலுவலகம் வழியாக ஓய்வூதியம் உண்டு. கேட்காமல் விட்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

எந்தத் திட்டமானாலும் மனு சிக்குவது பெயரிலும் பிறந்த தேதியிலும்தான். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறு இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம். ஆதார் எடுத்த அன்று யாரோ மதிப்பிட்டுப் போட்ட வயதால் 66 வயதுக்காரர் தாளில் 57 ஆக நிற்கிறார். பிறந்த தேதியை ஆதாரில் பொதுவாக ஒருமுறைதான் திருத்த அனுமதி. ஆகவே சரியான ஆவணம் கையில் இல்லாமல் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். முதலில் மூன்றையும் ஒரே மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

இ-சேவை மையத்தில் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். அதிலிருக்கும் எண்ணை வைத்துத்தான் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்க முடியும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'மகன் பராமரிக்கிறார்' என்று தவறாக எழுதியிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதே ஒப்புகை எண்ணோடு மனுக் கொடுக்கலாம். கிராம சபைக்கு ஆணை போடும் அதிகாரம் இல்லை என்றாலும், நிலுவையில் இருக்கும் மனுக்களின் எண்களை வாசித்து, வட்டாட்சியர் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்மானம் போடலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சீட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள், அந்த எண்களைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவோம்.