எச்சரிக்கை: மழைத்துளியை நீக்கித் தருகிறோம் என்று மூக்குக்கண்ணாடிக் கம்பியை நீக்கிக் கொடுத்த ஸ்டூடியோ

கடந்த ஐப்பசியில் குடும்பத்தோடு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சென்றிருந்தபோது, பறளியாற்றங்கரையில் கீழே நின்றுகொண்டு, பாலம் பின்னால் தெரியும்படி ஒரு குழுப்படம் எடுத்தோம். தூண்களின் உயரம் 115 அடி வரை போவதால் கேமராவை நன்றாக அண்ணாந்து பிடிக்க வேண்டியிருந்தது. தூறல் நேராக லென்ஸின் முன்கண்ணாடியில் விழுந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு துளி தூணின் மேலும், ஒரு துளி பெரியப்பாவின் வலது காதோரத்திலும், ஒன்று அத்தையின் தோளிலும், மேலும் சில வானத்திலும் மங்கலாகத் தெரிந்தன. பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அந்தப் படத்தையே 18×12 அங்குலத்தில் அச்சிட்டுக் கொடுப்பதென்று முடிவு செய்திருந்ததால், நாகர்கோவிலில் உள்ள ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். துளிகளை நீக்க 600 ரூபாய், அச்சுக்கும் சட்டத்துக்கும் 1,800 ரூபாய் என்று முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள்.

அதே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த மற்ற படங்களும் மெமரி கார்டில் இருக்கின்றன, அவற்றையும் தரட்டுமா என்று நான் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் சார், இந்த ஒரு படம் போதும், துளி இருந்த அடையாளமே தெரியாம எடுத்திரலாம்" என்று பதில் வந்தது. இந்தப் பதிலை எங்கே கேட்டாலும் அங்கே வேலையைக் கொடுக்காதீர்கள்; ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வந்த படத்தில் துளிகள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் துளி இருந்த இடத்தில் தூணின் ஒரு பகுதியை, பக்கத்துத் தூணிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். மழைநீர் வழிந்து கறுத்த அதே கறை, அதே வளைவோடு இரண்டு தூண்களிலும் இருந்தது. பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கம்பி காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. கன்னத்தின் பாதியில் நின்றுவிட்டது, அதற்கப்பால் மெழுகு பூசியதுபோல் வெறும் தோல். வானத்தில் மற்ற இடங்களில் மணல் தூவியதுபோல் மெல்லிய புள்ளிமணல் தெரிய, துளி நீக்கிய இடங்கள் மட்டும் வழுவழுவென்று திட்டுத்திட்டாக இருந்தன. இதைவிட மோசமானது கோப்பின் அளவு. நான் கொடுத்தது 6000×4000 புள்ளிகள் கொண்ட படம். அவர்கள் திருப்பித் தந்தது 2048×1365. பதினெட்டு அங்குல அகலத்துக்கு அது அங்குலத்துக்கு ஏறக்குறைய 114 புள்ளிகள்தான் வரும். கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது அச்சுத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரிந்த கணக்கு. குறை சொன்னபோது, திருத்தங்களைத் தனித்தனி அடுக்குகளாக வைத்திருக்கும் கோப்பு தங்களிடம் இல்லை, எல்லாவற்றையும் ஒன்றாக்கித்தான் சேமித்தோம் என்றார்கள். அதாவது, எதையும் பின்வாங்கித் திருத்த முடியாது.

பிறகு தக்கலையில் படத்திருத்தம் செய்யும் நண்பர் ஒருவர் என் மூலக் கோப்புகளை வைத்து அதே வேலையைச் செய்து காட்டினார். அவர் முதலில் கேட்டதே பக்கத்துப் படங்களைத்தான். துளி லென்ஸில் ஒட்டியிருப்பதால், எத்தனை படம் எடுத்தாலும் அது சட்டகத்தில் ஒரே இடத்தில்தான் நிற்கும். கேமரா சற்று அசைந்தால் காட்சிதான் இடம் மாறும். அடுத்த படத்தில் பாலத்தின் உச்சி வரட்டும் என்று கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கியிருந்ததால், காட்சி ஏறக்குறைய 400 புள்ளிகள் கீழே இறங்கியிருந்தது. தூணின் மேலிருந்த துளியின் அகலம் 250 புள்ளிகள் அளவுதான். ஆகவே முதல் படத்தில் மறைந்த தூண், இரண்டாவது படத்தில் முழுமையாகத் தெரிந்தது. இரண்டையும் அடுக்குகளாக வைத்து, போட்டோஷாப்பில் Auto-Align Layers கொடுத்துப் பொருத்தி, அடுக்கின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் முகமூடி வழியாக, துளி இருந்த இடத்தில் மட்டும் இரண்டாவது படத்தைத் திறந்துவிட்டார். ஒட்டுவேலை எதுவும் இல்லை. அந்த இடத்தில் இருப்பது அந்தத் தூணேதான்.

ஆட்கள் அருகிலும் பாலம் தொலைவிலும் இருப்பதால், கேமரா சற்று நகர்ந்திருந்தாலும் இரண்டும் ஒரே சமயத்தில் பொருந்தாது. பாலத்துக்கு ஒருமுறை, ஆட்களுக்கு ஒருமுறை என்று அவர் தனித்தனியாகப் பொருத்தினார். பெரியப்பா தலையைத் திருப்பாமல் நின்றதால் கண்ணாடிக் கம்பியும் காதும் கிடைத்தன. திருப்பியிருந்தால், இன்னொரு படத்தின் காதைக் கொண்டுவந்து ஒட்டாமல் துளியை அப்படியே விட்டிருப்பேன் என்றார். முகத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்தும்.

வானத்தில் இருந்த மங்கலான திட்டுகளுக்கு அவர் வேறு படத்திலிருந்து எந்தத் துண்டையும் எடுக்கவில்லை. முன்கண்ணாடியில் இருக்கும் துளியின் மேல் லென்ஸால் குவியமுடியாது. அதனால் அது விளிம்பில்லாத வெளிறிய திட்டாக விழுகிறது. அந்தத் திட்டின் ஓரங்களில் உண்மையான காட்சி அழிந்துபோவதில்லை, அதன் மேல் வெளிச்சம் படர்ந்து கறுப்பும் வெள்ளையும் நெருங்கிப் போகின்றன, அவ்வளவே. அதற்கு, வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் குறைக்கும் Curves வளைகோட்டில் கறுப்பைக் கொஞ்சம் இறக்கி, ஓரம் மென்மையான முகமூடியோடு அந்த இடத்தில் மட்டும் மாறுபாட்டைக் கூட்டினால் மேகம் தன் வடிவத்தோடு திரும்பிவிடுகிறது. கைவிரல் ரேகை படிந்த படத்துக்கும் இதே வழிதான். பக்கத்து இடத்தை நகலெடுத்துப் பூசும் Spot Healing Brush, Clone Stamp போன்ற கருவிகளை அவர் துளியின் நடுப்பகுதிக்கு, அதுவும் வெறும் வானத்தில் மட்டுமே பயன்படுத்தினார். பின்னர் அந்த இடத்தில் மற்ற வானத்தில் உள்ள அளவுக்குப் புள்ளிமணலும் சேர்த்தார். பேருந்துக் கண்ணாடியில் ஒட்டிய பூச்சியென்றால் கதை வேறு. அது வெளிச்சத்தை முழுதாக அடைத்துவிடுவதால், வேறு படம் இல்லாவிட்டால் மீட்க ஒன்றும் இருக்காது.

ஸ்டூடியோவின் வேலையைச் சரிபார்க்கும் முறையையும் அவரே காட்டினார், இதை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். மூலப்படத்தையும் திருத்திய படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலடுக்கின் கலப்பு முறையை Difference என்று மாற்றுங்கள். இலவச கிம்ப் மென்பொருளிலும் இது உண்டு. மாறாத இடங்கள் கறுப்பாகவும், கை வைத்த இடங்கள் வெளிச்சமாகவும் தெரியும். ஸ்டூடியோ படத்தில் பெரியப்பாவின் கன்னம் முழுவதும் வெளிச்சமாக வந்தது. துளி இருந்தது காதோரத்தில்தான்! நண்பரின் படத்தில் துளிகளின் அளவுக்கு மட்டும் மென்மையான வட்டங்கள் தெரிந்தன. அளவு மாற்றிய படத்தில் எல்லா விளிம்புகளிலும் மெல்லிய கோடு வருவது இயல்பு, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், திருத்திய படம் மூலத்தின் அதே புள்ளி அளவில், அடுக்குகளோடு பிஎஸ்டி அல்லது டிஃப் கோப்பாக வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நூறு சதவீத அளவில் திரையில் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே அச்சுக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி "பாருங்கள் சார்" என்றால், அதைப் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். அந்த அளவில் கம்பி போனதும் தெரியாது, கறை இரட்டித்ததும் தெரியாது.

அத்தையின் தோளில் இருந்த துளி மட்டும் நண்பரின் படத்தில் இன்னும் இருக்கிறது. அது 400 புள்ளிகளைவிட அகலமானது. இரண்டு படத்திலும் புடவைக் கரையின் ஒரே பகுதியை மறைத்துவிட்டது. ஓரங்களை மட்டும் தெளிவாக்கி, நடுவை அப்படியே விட்டுவிட்டார். ஸ்டூடியோ இதுவரை அச்சுக்கூலியில் 500 ரூபாய் மட்டும் திருப்பித் தந்திருக்கிறது. திருத்தத்துக்கான பணத்தைத் தர மறுக்கிறது.