விட்டுப்போன வெளிநாட்டுச் சொத்து: திருத்திய கணக்கா, புதுப்பித்த கணக்கா, வெறும் கடிதமா?

அமெரிக்கத் தாய் நிறுவனம் கொடுத்த பங்குகள் அங்குள்ள புரோக்கர் கணக்கில் கிடக்கின்றன. கைக்கு வந்த அன்றே சம்பளத்தோடு சேர்த்து வரி பிடித்தாகிவிட்டது, படிவம் 16-லும் இருக்கிறது. 'வரிதான் கட்டியாச்சே' என்று ஐடிஆர்-1 தாக்கல் செய்துவிடுகிறார்கள். அந்தப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்.ஏ. கிடையவே கிடையாது. இந்தியாவில் முழு வதிவாளராக இருப்பவர் ஒரே ஒரு வெளிநாட்டுப் பங்கு வைத்திருந்தாலும் ஐடிஆர்-1 போடக்கூடாது.

விடுபட்டதற்கு 2015-ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டம், பிரிவு 43-ன்படி ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 2024 அக்டோபர் 1 முதல் இந்த அபராதம் இல்லை. காட்டவேண்டிய கடமை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

மூன்று வழிகளில் திருத்திய கணக்குதான் சிறந்தது, காலம் இருந்தால். அது முதல் கணக்கின் இடத்திலேயே உட்கார்ந்துவிடும். கூடுதல் வரிச்சுமையும் இல்லை. ஆனால் 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான கெடு 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. ஐடிஆர்-2-க்கு மாறி, ஏ3 அட்டவணையில் பங்குகளை நிரப்ப வேண்டும். இங்கே பலர் சறுக்குவது காலக்கணக்கில்: எஃப்.ஏ. கேட்பது நிதியாண்டை அல்ல, டிசம்பர் 31-ல் முடியும் காலண்டர் ஆண்டை. 2025-26-க்கு 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை.

கெடு போனபின் புதுப்பித்த கணக்கு, அதாவது ஐடிஆர்-யு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம். கூடுதல் வரி முதல் 12 மாதத்தில் 25%, பிறகு ஆண்டுக்கொரு படியாக 50, 60, 70%. ஒரு கணக்கு பார்ப்போம். 28 லட்ச ரூபாய் பங்கு, 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான கணக்கில் விடுபட்ட டிவிடெண்ட் 24,000. 30% வரி 7,200, செஸ் 288, ஆக 7,488. அமெரிக்காவில் பிடித்த 25%, அதாவது 6,000, படிவம் 67 போட்டால் கழியும். மீதி 1,488. 2027 மார்ச் 31-க்குள் என்றால் அதன்மேல் 50%, 744. கட்டவேண்டியது 2,232, வட்டி இருந்தால் அதுவும் அதன்மேல் 50 சதவீதமும் தனி. எதிரே நிற்கும் அபராதம் 10 லட்சம்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. கூடுதலாகக் கட்ட வரியே இல்லையென்றால் ஐடிஆர்-யு போட முடியாது. டிவிடெண்டை ஏற்கெனவே காட்டி, எஃப்.ஏ.-வை மட்டும் விட்டவருக்கு இந்தக் கதவு மூடியே இருக்கிறது. ஓர் ஆண்டுக்கு ஒருமுறைதான் போடலாம் என்பதால், எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்டும் கைக்கு வரும்வரை பொறுங்கள். கருப்புப் பணச் சட்டத்தின்கீழோ, வரி ஒப்பந்தம் வழியாகவோ அதிகாரிக்குத் தகவல் கிடைத்து அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டாலும் கதவு அடைந்துவிடும். 'நோட்டீஸ் வருவதற்கு முன்' என்பதன் முழுப் பொருள் இதுதான். தவிர, பிரிவு 43 பெயர் சொல்லும் கணக்குகளில் ஐடிஆர்-யு இல்லை. முதல் கணக்கில் விட்டது விட்டதாகவே நிற்கும்.

அதனால்தான் கடிதம். ஐடிஆர்-யு போட்டவர் அதோடு சேர்த்து, போட முடியாதவர் தனியாக, தன் மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். கடிதம் சட்டப் பாதுகாப்பு எதையும் தராது. ஆனால் பிரிவு 43 'விதிக்கலாம்' என்றுதான் சொல்கிறது; சிறைக்கு வழிவிடும் பிரிவு 50 'வேண்டுமென்றே' விட்டதைக் கேட்கிறது. அந்த எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. தேதியிட்ட கடிதம் அப்போது கைகொடுக்கும்.

வாசகம் இங்கே முக்கியம். 'வெளிப்படுத்தப்படாத வெளிநாட்டுச் சொத்து' என்று எழுதிவிடாதீர்கள். பணம் வந்த வழியை விளக்க முடியாத சொத்துக்குச் சட்டம் வைத்த பெயர் அது; 30% வரியும் அதைப்போல் மும்மடங்கு அபராதமும் அதன் பின்னால் வரும். 'ஷெட்யூல் எஃப்.ஏ.-வில் குறிப்பிட விடுபட்ட, வரி செலுத்திய சம்பளத்தின் வழி வந்த பங்குகள்' என்பது உண்மையும்கூட. 'அறியாமையால் விட்டுவிட்டேன், மன்னிக்கவும்' என்பதில் சரிபார்க்க ஒன்றுமில்லை. இப்படி எழுதலாம்:

'இப்பங்குகளின் மதிப்பு படிவம் 16-ல் சம்பளப் பலனாகச் சேர்க்கப்பட்டு வரி பிடிக்கப்பட்டது. ஐடிஆர்-1-ல் தாக்கல் செய்ததால் ஷெட்யூல் எஃப்.ஏ. நிரப்பப்படவில்லை. இந்தத் தேதியில் புரோக்கர் ஸ்டேட்மென்டைச் சரிபார்த்தபோது பிழை தெரியவந்தது. விடுபட்ட டிவிடெண்டுக்கு வரி செலுத்தி, புதுப்பித்த கணக்கு தாக்கல் செய்துள்ளேன். இன்றுவரை இதுகுறித்து எந்தத் தகவலும் எனக்கு வரவில்லை.'

கடைசி வரியை எழுதுமுன் இ-ஃபைலிங் தளத்தின் e-Proceedings பக்கத்தையும், மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும், குறுஞ்செய்திகளையும் பாருங்கள். துறை அனுப்பும் நினைவூட்டுக் குறுஞ்செய்தி நோட்டீஸ் அல்ல. ஆனால் வந்திருந்தால் தேதியோடு சொல்லிவிடுங்கள். அதை மறைத்தால் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்கள்.

இணைப்பில் புரோக்கர் ஸ்டேட்மென்ட், படிவம் 16, ஆண்டுவாரியாக உச்ச மதிப்பும் இறுதி மதிப்பும் கொண்ட ஒரு பக்க அட்டவணை, வரி கட்டிய சலான் போதும். கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புங்கள்.