வகுப்பின் மதிப்பெண் பரவலைச் சொல்ல எது நல்லது: திட்ட விலக்கமா, வீச்சா, கால்மானமா?

பத்துப் பத்துப் பேர் கொண்ட இரண்டு பிரிவுகள், ஒரே கணக்குத் தேர்வு. மதிப்பெண்களை ஏறுவரிசையில் அடுக்கினால் இப்படி இருக்கின்றன:

அ பிரிவு: 35, 56, 58, 59, 60, 60, 61, 62, 64, 85
ஆ பிரிவு: 35, 38, 42, 45, 50, 70, 75, 78, 82, 85

இரண்டிலும் சராசரி 60. இரண்டிலும் குறைந்தது 35, கூடியது 85. ஆகவே வீச்சும் இரண்டுக்கும் 50தான். ஆனால் அ பிரிவில் எட்டுப் பேர் 56-க்கும் 64-க்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஆ பிரிவில் 50-க்கும் 70-க்கும் நடுவே ஓர் ஆள்கூட இல்லை. வகுப்பே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இந்த வேறுபாட்டை வீச்சு பார்க்கவே பார்க்காது, ஏனென்றால் அது இரண்டே இரண்டு மாணவர்களைக் கேட்டு முடிவு சொல்கிறது. கடைசி மதிப்பெண்ணும் முதல் மதிப்பெண்ணும் என்ன என்று யாராவது கேட்டால் சொல்ல உதவும். வீச்சைப் பற்றி இதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

மீதம் இருப்பவை மூன்று: சராசரி விலக்கம், கால்மான இடைவெளி, திட்ட விலக்கம். இலங்கைப் பாடநூல்கள் மூன்றாவதை நியம விலகல் என்கும். என் சாய்வு அதன் பக்கம்தான். அதற்குக் காரணம் பலரும் சொல்லும் காரணம் அல்ல. அதற்கு வரும் முன், மூன்றும் இந்த இரண்டு பிரிவுகளைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம்.

சராசரி விலக்கம் எளிது. ஒவ்வொரு மதிப்பெண்ணும் 60-லிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று, கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டுக் கூட்டி, பத்தால் வகுக்கிறோம். அ பிரிவுக்கு 6.4, ஆ பிரிவுக்கு 18. பெற்றோரிடம் விளக்க இதைவிட நல்ல அளவு கிடையாது.

திட்ட விலக்கத்தில் குறியை விட்டுவிடுவதற்குப் பதிலாக ஒவ்வொரு விலக்கத்தையும் வர்க்கப்படுத்துகிறோம். அ பிரிவில் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1292. பத்தால் வகுத்தால் 129.2, இதுதான் விலக்க வர்க்கச் சராசரி. வர்க்கமூலம் எடுத்தால் 11.4. ஆ பிரிவில் கூட்டுத்தொகை 3516, திட்ட விலக்கம் 18.8. கை கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: திட்ட விலக்கம் ஒருபோதும் வீச்சில் பாதியைத் தாண்டாது. இங்கே பாதி 25. விடை 30 என்று வந்தால் எங்கோ தவறியிருக்கிறோம், பெரும்பாலும் வர்க்கமூலம் எடுக்க மறந்திருப்போம்.

கால்மான இடைவெளி நடுவில் உள்ள பாதி வகுப்பின் அகலம். வரிசையை இரண்டு ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றின் நடு எண்ணையும் எடுத்தால், அ பிரிவில் 58-லிருந்து 62 வரை, அதாவது 4. ஆ பிரிவில் 42-லிருந்து 78 வரை, 36.

கால்மானத்தின் வலு எங்கே என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அ பிரிவின் 1292-இல் 1250 இரண்டே மாணவர்களிடமிருந்து வருகிறது, 35-உம் 85-உம். அந்த இருவரையும் விட்டுவிட்டு எட்டுப் பேருக்கு மட்டும் கணக்கிட்டால் திட்ட விலக்கம் 11.4-லிருந்து 2.3 ஆக விழுந்துவிடும். வர்க்கப்படுத்துவதால் தூரத்தில் நிற்பவர் குரல் மிகப் பெரிதாகக் கேட்கிறது. கால்மானமோ அந்த இருவரையும் கண்டுகொள்வதே இல்லை. ‘வழக்கமான மாணவர்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறார்கள்’ என்பது மட்டுமே கேள்வி என்றால் 4 என்ற எண்தான் நேர்மையான பதில்.

ஆனால் அந்த 4-ஐப் பிடித்துக்கொண்டு நின்றால் அடுத்த தலைவலி. கால்மானத்தைக் கணக்கிட ஒரே முறை கிடையாது. அதே அ பிரிவுக்கு விரிதாளில் QUARTILE.INC போட்டால் 58.25-உம் 61.75-உம் வந்து இடைவெளி 3.5 ஆகும். QUARTILE.EXC போட்டால் 57.5, 62.5, இடைவெளி 5. (n+1)/4-ஆவது உறுப்பு என்று பாடநூல் வழியில் செய்தாலும் இதே 5தான். மூன்று ஆசிரியர்கள் மூன்று விடை கொண்டுவந்தால் மூன்றும் சரி. நாற்பது ஐம்பது பேர் வகுப்பில் இந்த வேறுபாடு கரைந்துவிடும், பத்துப் பேரில் கரையாது.

திட்ட விலக்கத்திலும் இரண்டு முறை உண்டு, N-ஆல் வகுப்பதும் N-1-ஆல் வகுப்பதும். ஆனால் எது எப்போது என்பதில் குழப்பம் இல்லை. முழு வகுப்பின் மதிப்பெண்களும் கையில் இருக்கின்றன, அந்த வகுப்பைத்தான் விவரிக்கிறோம் என்றால் N, அதாவது STDEV.P. இந்த வகுப்பை மாதிரியாகக் கொண்டு மாவட்டம் முழுவதையும் மதிப்பிடப் போகிறோம் என்றால் STDEV.S. அ பிரிவுக்கு முறையே 11.4, 12.0. நாற்பது பேர் என்றால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் சதவீதம் அளவே.

இனி நான் திட்ட விலக்கத்தைத் தேர்வதற்கான காரணம். பள்ளியில் மதிப்பெண் பட்டியல் ஒரு தடவை கணக்கிட்டு மூடி வைக்கும் பொருள் அல்ல. பிரிவுகளை இணைப்பார்கள், 50-க்கு வைத்த தேர்வை 100-க்கு மாற்றுவார்கள், பிழையான கேள்விக்கு எல்லோருக்கும் இரண்டு மதிப்பெண் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் பழைய மதிப்பெண் பட்டியல் கையில் இருக்காது. அறிக்கையில் எழுதிய எண்களே இருக்கும். எந்த அளவு இந்த மாற்றங்களைத் தாங்கி நிற்கிறது என்பதுதான் என்னளவில் தீர்ப்பு.

எல்லோருக்கும் ஒரே அளவு கூட்டுவதையும் பெருக்குவதையும் மூன்றுமே தாங்கும். ஐந்து மதிப்பெண் கூட்டினால் எதுவும் மாறாது, இரண்டால் பெருக்கினால் மூன்றும் இரண்டு மடங்காகும். பிரிவுகளை இணைக்கும்போதுதான் வழி பிரிகிறது.

ஒரு பிரிவில் 30 பேர், சராசரி 60, திட்ட விலக்கம் 10. மற்றதில் 20 பேர், சராசரி 70, திட்ட விலக்கம் 15. தனி மதிப்பெண் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஐம்பது பேருக்கும் சேர்த்துச் சராசரி (1800 + 1400) ÷ 50 = 64. அடுத்து ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் விலக்க வர்க்கச் சராசரியோடு, அதன் சராசரி 64-லிருந்து விலகிய தூரத்தின் வர்க்கத்தைக் கூட்ட வேண்டும். முதல் பிரிவு 100 + 16 = 116, இரண்டாவது 225 + 36 = 261. ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் 3480, 5220. இரண்டும் சேர்ந்து 8700, ஐம்பதால் வகுத்தால் 174, வர்க்கமூலம் 13.2. இது தோராயம் அல்ல. ஐம்பது மதிப்பெண்களையும் மீண்டும் உட்கார்ந்து கணக்கிட்டாலும் இதே விடைதான் வரும்.

விரிதாளில் B பத்தியில் எண்ணிக்கை, C-யில் சராசரி, D-யில் திட்ட விலக்கம் என்று 2, 3 ஆம் வரிசைகளில் வைத்துக்கொண்டு, C4-லும் D4-லும் இவற்றை இடலாம்:

```
=(B2*C2+B3*C3)/(B2+B3)
=SQRT((B2*(D2^2+(C2-C4)^2)+B3*(D3^2+(C3-C4)^2))/(B2+B3))
```

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, 10-ஐயும் 15-ஐயும் சராசரி எடுத்து 12.5 என்று எழுதுவது. ஆள் எண்ணிக்கையைக் கணக்கில் கொண்டு 12 என்று எழுதினாலும் தவறுதான். இரண்டு பிரிவுகளின் சராசரிகளுக்கு நடுவே உள்ள பத்து மதிப்பெண் இடைவெளியே ஒரு பரவல். அதை இவை விட்டுவிடுகின்றன. இன்னொரு எச்சரிக்கை: கையில் உள்ளவை N-1 கொண்டு எடுத்தவை என்றால் இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு வர்க்கத்தையும் முதலில் (N-1)/N-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இதே வேலையைக் கால்மானங்களை வைத்துச் செய்யவே முடியாது. இரண்டு பிரிவுகளின் கால்மானங்கள் தெரிந்தாலும், சேர்ந்த வரிசையில் எந்த மதிப்பெண் எங்கே போய் நிற்கும் என்பது தெரியாது. சராசரி விலக்கமும் இரண்டு பிரிவுகளின் சராசரியும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இணையும். சராசரி மாறினால், பழைய சராசரிக்கும் புதியதற்கும் நடுவே எத்தனை பேர் என்று பட்டியலைத் தேடிப் போக வேண்டும். வர்க்கங்கள் இப்படிக் கூட்டலுக்குப் பணிவதால்தான் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1918-இல் விலக்க வர்க்கச் சராசரிக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயரே வைத்தார்.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பார்ப்பதும் இதே அளவின் மேல் நிற்பதுதான். மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுக்கிறார்கள். சராசரி 60, திட்ட விலக்கம் 8 உள்ள தாளில் 72 எடுத்தவருக்கு 1.5 கிடைக்கும். சராசரி 66, திட்ட விலக்கம் 12 உள்ள தாளில் அதே 72-க்கு 0.5 மட்டுமே.

திட்ட விலக்கம் எங்கே ஏமாற்றும் என்றும் பார்க்க வேண்டும். முதல் குற்றவாளி, வராதவருக்குப் போடும் பூஜ்யம். மேலே சொன்ன 30 பேர் பிரிவில் வராத இருவரைச் சேர்த்து 0 போட்டுவிட்டால் சராசரி 56.25 ஆகும், திட்ட விலக்கம் 10-லிருந்து 17.5-க்குத் தாவும். அந்தக் கட்டத்தில் ‘வரவில்லை’ என்று எழுத்தில் போட்டால் STDEV.P அதைத் தாண்டிச் சென்றுவிடும். பரவல் திடீரென்று கூடியதாகத் தெரிந்தால் முதலில் பூஜ்யங்களைத் தேடுங்கள்.

இரண்டாவது, எளிதான தேர்வு. சராசரி 92, திட்ட விலக்கம் 9 என்றால் சராசரிக்கு மேல் ஒரு விலக்கம் 101 ஆகிறது. அப்படி ஒரு மதிப்பெண்ணே கிடையாது. பலர் நூறின் கூரையில் முட்டி நிற்கிறார்கள், வால் கீழ்ப்பக்கம் மட்டும் நீள்கிறது என்பதற்கு அது அடையாளம். இங்கே இடைநிலை அளவையும் கால்மானங்களையும் கொடுப்பதே முறை. இந்த இடத்தில் என் சாய்வை விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.

மூன்றாவது, ‘68 சதவீதம் பேர் ஒரு விலக்கத்துக்குள்’ என்ற வாய்ப்பாடு. அது மணி வடிவப் பரவலுக்கு உரியது. அ பிரிவில் ஒரு விலக்கத்துக்குள் எட்டுப் பேர், ஆ பிரிவில் ஆறு பேர். எந்த வடிவமானாலும் தப்பாதது, இரண்டு விலக்கத்துக்குள் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருப்பார்கள் என்பது மட்டும். ஆ பிரிவு இரண்டாகப் பிளந்திருப்பதை 18.8 என்ற எண் சொல்லாது. பத்துப் பத்து மதிப்பெண்ணாகப் பிரித்துக் கோடு போட்டு எண்ணினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏழெட்டுப் பேர் மட்டுமே உள்ள வகுப்பில் எந்த அளவையும் நான் பெரிதாக நம்ப மாட்டேன், மதிப்பெண்களையே வரிசையாக எழுதிவிடலாம்.

அறிக்கையில் ஒரு வரி போதும்: எழுதியோர் 30, வராதோர் 2, சராசரி 60, திட்ட விலக்கம் 10 (N-ஆல் வகுத்தது). அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தக் குறிப்பை விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு பிரிவுகளை இணைப்பவர் எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று தெரியாமல் நிற்பார்.