நெய்ப்பருப்பா, கோழியா, மண்டியா: சோற்றின் கிளைசீமிக் லோடு எதனோடு எப்படி மாறுகிறது?

காரைக்குடிப் பக்கத்து மதியச் சாப்பாட்டில் சோறு அதேதான். அதன் பக்கத்தில் வருவதுதான் வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் பருப்பும் நெய்யும், ஒரு நாள் கோழிக் குழம்பு, ஒரு நாள் வெண்டைக்காய் மண்டி, ஒரு நாள் உருளைக்கிழங்கு வறுவலும் வத்தக்குழம்பும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இவற்றில் எது நல்லது என்று பார்க்க, சோற்றின் அளவை மாற்றாமல் பக்கத்தில் இருப்பதை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. கிளைசீமிக் இன்டெக்ஸ் (ஜிஐ) என்பது ஒரு உணவிலுள்ள மாவுச்சத்து எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதைக் குளுக்கோஸை 100 என்று வைத்துச் சொல்லும் எண். எவ்வளவு சாப்பிட்டோம் என்பது அதில் இல்லை. அளவையும் சேர்த்தால் கிளைசீமிக் லோடு கிடைக்கும்:

கிளைசீமிக் லோடு = ஜிஐ × மாவுச்சத்து (கிராம்) ÷ 100

பொன்னி அரிசிச் சோற்றின் ஜிஐ 70 அளவில் இருக்கிறது. வடித்த சோறு 250 கிராம், அதாவது ஏறக்குறைய 90 கிராம் அரிசி, 70 கிராம் மாவுச்சத்து தரும். லோடு 49. ஒரு பரிமாறலுக்கு 20-க்கு மேல் போனாலே அதிகம் என்பார்கள். பக்கத்தில் 100 கிராம் உருளைக்கிழங்கு வறுவலும் வத்தக்குழம்பும் என்றால் இன்னும் ஒரு 13 ஏறி 62 ஆகிவிடும். நான்கில் மோசமான தட்டு இதுதான். காய் என்ற பெயரில் இரண்டாவது மாவுப் பொருள் வந்து உட்கார்ந்துவிடுகிறது, புரதம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

இனி மற்ற மூன்று.

நெய்ப்பருப்பு. 30 கிராம் துவரம்பருப்பை வேகவைத்து, மேலே இரண்டு தேக்கரண்டி நெய். பருப்பிலும் மாவுச்சத்து உண்டு. அதன் ஜிஐ குறைவு என்பதால் லோடு 5 மட்டும் கூடி 54 ஆகும். அதாவது கணக்கில் எண் கூடத்தான் செய்கிறது. ஆனால் சாப்பிட்டவரின் ரத்தச் சர்க்கரை வெறும் சோற்றுக்கு ஏறுவது போல ஏறாது. இந்த முரணைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் தெளிவாகும். லோடு கணக்கு மாவுச்சத்தை மட்டும்தான் எண்ணுகிறது, கூட வரும் புரதமும் கொழுப்பும் இரைப்பையில் செய்யும் வேலை அதில் வராது. கொழுப்பு குடலைத் தொட்டதும் இரைப்பை காலியாகும் வேகம் குறைகிறது. சோறு சிறுகச் சிறுகத்தான் கீழே இறங்கும். அதனால் முதல் ஒரு மணி நேர ஏற்றம் தணியும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நெய் சர்க்கரையைக் குறைப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. அந்த 70 கிராம் மாவுச்சத்தும் கடைசியில் ரத்தத்துக்கு வந்தே தீரும். நெய், தேங்காய் அரைப்பு, குழம்பின் மேல் மிதக்கும் நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் எண் அழகாக இருக்கலாம், மூன்றாவது மணியில் பார்த்தால் ஏறியிருக்கலாம். இரண்டு தேக்கரண்டி நெய்யே 90 கலோரி. சர்க்கரையைக் கட்டுப்படுத்த என்று நெய்யைக் கூட்டுவது சரியான வழியாகத் தெரியவில்லை.

கோழிக் குழம்பு. எலும்பு நீக்கி 100 கிராம் வெந்த கறி என்றால் 25 கிராம் புரதம், மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. லோடு அதே 49-இல் நிற்கும், குழம்பில் உருளைக்கிழங்கு போடாதவரை. புரதம் இரண்டு வேலை செய்கிறது: இரைப்பையை மெதுவாக்குகிறது, இன்சுலின் சுரப்பையும் தூண்டுகிறது. இந்த இரண்டாவது வேலை கொழுப்பால் அந்த அளவுக்கு ஆவதில்லை. எனவே நெய் செய்வதைவிடக் கறி செய்வது மேல் என்பது எங்கள் தீர்ப்பு. மீனுக்கும் முட்டைக்கும் இதே கணக்குதான். ஆனால் ஒரு முட்டையில் 6 கிராம் புரதம்தான், ஒன்றை வைத்துக்கொண்டு 250 கிராம் சோற்றைச் சமாளிக்க முடியாது.

வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து, வெண்டைக்காயும் வெந்த மொச்சையும் சேர்த்துச் செய்வது. 100 கிராம் வெண்டைக்காய், 50 கிராம் வெந்த மொச்சை என்று வைத்தால் லோடு 3 கூடி 52. நார்ச்சத்து 6, 7 கிராம் வரும். வெண்டைக்காயின் வழவழப்பு நீரில் கரையும் நாரின் அடையாளம். அது குடலில் கெட்டியாகி, மாவுச்சத்து குளுக்கோஸாக உடைவதையும் உறிஞ்சப்படுவதையும் தாமதப்படுத்தும். மொச்சையில் மாவுச்சத்து செல்சுவருக்குள் அடைபட்டிருப்பதால் மெதுவாகவே வெளிவரும். ஆனால் அளவு முக்கியம். இலை ஓரத்தில் ஒரு கரண்டி வைத்தால் நார் ஒரு கிராம் தேறினால் அதிகம், அது ஒன்றும் செய்யாது. கிண்ணம் நிறைய வேண்டும்.

கோழியையும் மண்டியையும் சேர்த்து வைத்து, சோற்றைப் பாதியாக்கினால் என்ன? 125 கிராம் சோறு, லோடு 25-க்குக் கீழே. மொச்சையையும் கூட்டினால் 28-ஐத் தாண்டாது. வேறு எந்த மாற்றமும் இவ்வளவு இறக்குவதில்லை. கறியும் காயும் பசியைத் தாங்குவதால்தான் பாதிச் சோறு போதுமானதாகிறது, அவற்றின் பெரிய பயன் அதுவே.

வரிசைக்கும் பங்குண்டு. நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-இல் வெளியிட்ட சிறு ஆய்வில், டைப் 2 சர்க்கரை உள்ள 11 பேர் ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் சாப்பிட்டார்கள். கோழியும் காய்களும் முதலில், 15 நிமிடம் கழித்து ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் என்றபோது, ஒரு மணி நேரச் சர்க்கரை, மாவை முதலில் சாப்பிட்டதைவிட 37 சதவீதம் குறைவாக இருந்தது. நம் இலையில் சோறும் பருப்பும் நெய்யும்தான் முதல். அதை மாற்றி, இலையில் வைத்த மண்டியில் பாதியையும் இரண்டு துண்டுக் கறியையும் முதலில் தின்றுவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துச் சோற்றைப் போடச் சொல்லலாம். செலவில்லாத மாற்றம்.

கவுனி அரிசிக்கு ஒரு வார்த்தை. தவிடோடு இருக்கும் கறுப்பரிசி என்பதால் சர்க்கரைக்கு நல்லது என்று தருகிறார்கள். ஆனால் செட்டிநாட்டில் அது குழைய வெந்து, சீனியும் தேங்காயும் நெய்யும் சேர்ந்த இனிப்பாகத்தான் வருகிறது. 30 கிராம் சீனி மட்டுமே லோடில் 20 சேர்க்கும். தவிடு தந்த லாபம் அங்கேயே போய்விடும்.

உங்கள் உடம்பில் எது வேலை செய்கிறது என்று பார்க்க, சோற்றைத் தராசில் நிறுத்து ஒரே அளவில் வையுங்கள். சாப்பிடும் முன்பும், முதல் வாய் எடுத்ததிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று மணியிலும் விரலில் குத்திப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நெய்யையும் காயையும் ஒன்றாக மாற்றினால் எதனால் இறங்கியது என்று தெரியாது.

இன்சுலின் போடுபவரும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவரும் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால், மருந்து பழைய சோற்றளவுக்கே வேலை செய்து சர்க்கரை தாழ்ந்துபோகும். வேகமாகச் செயல்படும் இன்சுலினோடு எண்ணெய் மிதக்கும் சாப்பாடு சேர்ந்தாலும் அதே ஆபத்து: சோறு இறங்குவதற்கு முன்பே இன்சுலின் வேலையைத் தொடங்கி, முதலில் படபடப்பும் வியர்வையும், பிறகு ராத்திரிவரை இறங்காத சர்க்கரை. அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் பாதித்தவர்கள் கறியின் அளவையும் அவரிடமே கேட்க வேண்டும்.