கூடவே ஏறும் இரண்டு கோடுகள்: எந்தச் சோதனையை நம்பலாம்?

சேவை மந்தமாகிவிட்டது. டாஷ்போர்டில் பதில் நேரமும் பயன்பாட்டில் உள்ள டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறுகின்றன. உடனே ஒருவர் "கனெக்‌ஷன் பத்தல, பூல் அளவைக் கூட்டுங்க" என்பார். கூட்டுவதற்கு முன் இந்த உறவைச் சோதிக்கச் சில வழிகள் உண்டு. அவற்றின் தரம் ஒன்றல்ல.

கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடுவதும் ஏறக்குறைய வீண். ஒரே அரைமணி நேரத்தில் சீராக ஏறும் எந்த இரண்டு அளவீடுகளுக்கும் கெழு 1-ஐ நெருங்கும். லாக் கோப்பின் அளவைச் சேர்த்தாலும் அதுவும் ஒத்துப்போகும்!

எது முதலில் ஏறியது என்று பார்ப்பது இதைவிட மேல். ஆனால் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கனெக்‌ஷன் எண்ணிக்கை அந்தந்த நொடியின் நிலை. பதில் நேரமோ, கோரிக்கை முடிந்த பிறகுதான் பதிவாகும். அதையும் `rate(...[5m])` என்று ஐந்து நிமிடச் சராசரியாகவே வரைகிறோம். அதனால் மந்தமே காரணமாக இருந்தாலும், அதன் விளைவான கனெக்‌ஷன் எண்ணிக்கை முதலிலும் பதில் நேரம் பின்னாலும் ஏறியதுபோல் திரை காட்டலாம்.

பிரித்துப் பார்ப்பதையே நான் முதலில் செய்வேன். நொடிக்கு 200 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 0.05 நொடி கனெக்‌ஷனைப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டில் விதிப்படி 200 × 0.05 = 10 கனெக்‌ஷன். இப்போது அது 80. பூலின் உச்சவரம்பு 100. கோரிக்கை வகைவாரியாகப் பிரித்தால், தேடல் மட்டும் 1.8 நொடி எடுக்கிறது, மற்றவை பழையபடியே. தேடல் நொடிக்கு 40 என்றால் 40 × 1.8 = 72, மீதி 160 × 0.05 = 8. கூட்டினால் சரியாக 80. கோரிக்கைகள் கூடவில்லை, மெதுவான குவெரிதான் கனெக்‌ஷன்களை நீண்ட நேரம் பிடித்து வைத்திருக்கிறது. பூல் பற்றாக்குறைதான் காரணம் என்றால், அதே பூலைப் பகிரும் எல்லா வகைகளும் காத்திருந்திருக்கும். கனெக்‌ஷனுக்காகக் காத்த நேரத்தைத் தனியாக அளந்திருந்தால் ஒரே பார்வையில் தெரியும்: இங்கே அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். 100-ஐத் தொட்டுவிட்டால் கதை மாறும். அப்போது எல்லாமே காத்திருக்கும், பிரித்துப் பார்ப்பதும் குழப்பும்.

கடைசி வழி, கைவைத்துப் பார்ப்பது. மிக வலுவான சாட்சி இதுவே, ஆபத்தும் இதில்தான். பூலைக் கூட்டினால், ஏற்கெனவே திணறும் டேட்டாபேஸுக்குள் இன்னும் நிறைய குவெரிகளை அனுமதித்தது போலாகும். பாதி சர்வர்களில் மட்டும் தேடலை நிறுத்துங்கள். அவற்றின் கனெக்‌ஷன்கள் மட்டும் இறங்கி, மற்றப் பாதி அப்படியே நின்றால் கனெக்‌ஷன்களைப் பிடித்திருப்பது தேடல்தான். இரண்டு பாதியும் சேர்ந்தே இறங்கினால் அவசரப்பட வேண்டாம்: தேடல் குறைந்ததில் டேட்டாபேஸ் தேறியிருக்கலாம், தானாகவே சரியாகியும் இருக்கலாம். தேடலைத் திரும்பத் திறந்து, ஏறுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.