பொம்மைக்கு கட்டின சேலை, மாடல் கட்டின படம்: மூணு வழில எது துணிய அப்படியே வெக்குது

கடைல பொம்மைக்கு கட்டி எடுத்த போட்டோவ அப்படியே ஆன்லைன்ல போட முடியாத நிலைமை இப்ப நிறைய பேருக்கு இருக்கு. அமேசான்ல துணி விக்கிறவங்களுக்கு முதல் படத்துல பொம்மையோட எந்த பாகமும் தெரியக்கூடாதுன்னு ரூலே இருக்கு, அதுக்காக ஒவ்வொரு சேலைக்கும் மாடல், மேக்கப், ஸ்டுடியோன்னு செலவு பண்ண சின்ன கடைக்கு கட்டாது. அதனால பொம்மை போட்டோவையே ஏஐ வெச்சு ஆள் கட்டின மாதிரி மாத்துறாங்க. நல்ல வழிதான். ஆனா இதுல மூணு வெவ்வேற முறை இருக்கு, மூணும் கடைசில "அழகான பொண்ணு, அழகான சேலை"ன்னு ஒரே மாதிரி படத்ததான் கையில குடுக்கும், அந்த சேலை நீங்க விக்கிற அதே சேலையான்னு பாத்தாதான் வித்தியாசமே தெரியும்.

எல்லாத்தையும் ஒரே துணில வெச்சு பாப்போம். காரைக்குடி கண்டாங்கி, கடுகு மஞ்சள்ல அரக்கு கட்டம், அகலமான அரக்கு பார்டர், கெட்டி காட்டன். வேணும்னேதான் கட்டம் போட்டத எடுத்தேன், ஏன்னா பூ டிசைன் கொஞ்சம் மாறினா கண்ணுக்கு தெரியாது, கட்டம்னா எண்ணிப் பாத்துடலாம். பொம்மை தலை இல்லாதது, வெள்ளை ஃபைபர், ஒரு கை நேரா தொங்குது, இன்னொன்னு இடுப்புல லேசா மடங்கியிருக்கு.

முதல் வழி ட்ரை-ஆன் மாடல். IDM-VTON, CatVTON, OOTDiffusion எல்லாம் இந்த வகைதான். ஒரு ஆள் படம், ஒரு துணி படம் குடுத்தா ஆளுக்கு துணிய மாட்டி விடும். குர்தி, டி-ஷர்ட், டாப்ஸ்னா பரவால்லாம வரும். சேலைக்கு இது வேலைக்கு ஆகாது, காரணம் ரொம்ப சிம்பிள்: இதுங்க கத்துக்கிட்ட படங்கள் பெரும்பாலும் VITON-HD, DressCode-னு ரெண்டு தொகுப்புல இருந்து வந்தது, முதல்ல இருக்குறது பொண்ணுங்க மேல்சட்டை, ரெண்டாவதுல மேல்சட்டை, கீழ போடுறது, டிரெஸ் இந்த மூணுதான். கொசுவம்னா என்ன, முந்தி எந்த தோள்ல விழும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கண்டாங்கிய குடுத்தா ஒண்ணு கட்டம் போட்ட கவுன் வரும், இல்லன்னா முந்தியும் உடலும் ஒண்ணா தைச்ச ஒரு துணி வரும், பார்டர் இடுப்புல வந்து காணாம போயிடும். இன்னொரு விஷயம், இத நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல: நான் சொன்ன மூணுமே வியாபாரத்துக்கு யூஸ் பண்ணக்கூடாதுங்கிற லைசென்ஸ்லதான் வெளிய விட்டிருக்காங்க. சும்மா போட்டு பாக்கலாம், கடை லிஸ்டிங்ல போட முடியாது. குர்தி விக்கிறவங்க இதே வேலைய காசுக்கு பண்ணித் தர்ற சர்வீஸ்தான் தேடணும்.

ரெண்டாவது, வாயால சொன்னா படத்தையே மாத்திக் குடுக்குற எடிட்டருங்க. 2025 ஆகஸ்ட்ல வந்த ஜெமினி 2.5 ஃப்ளாஷ் இமேஜ், அதான் எல்லாரும் நானோ பனானான்னு சொல்றாங்களே அது, அப்புறம் அதே மாசம் வந்த Qwen-Image-Edit. இப்படி ஏதாவது டைப் பண்ணா போதும்:

```
Replace the mannequin with a Tamil woman, same pose.
Do not change the saree, its checks, border or pleats.
```

ரிசல்ட் பாத்தவுடனே மனசு குளிர்ந்துடும். முகம், கழுத்து, தோள்ல விழுற நிழல், இடுப்புகிட்ட துணி ஒட்டுறது எல்லாம் மூணு வழிலயும் இதுலதான் ரொம்ப இயல்பா இருக்கும், வேலையும் ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆனா "சேலைய மாத்தாத"ன்னு நீங்க எழுதினது அதுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும்தான், பூட்டு கிடையாது. இது சேலைய அங்கயே விட்டுட்டு பொம்மைய மட்டும் மாத்தல, படம் மொத்தத்தையும் புதுசா வரையுது, சேலையும் சேத்துதான். நம்ம கண்டாங்கில தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் முந்தி ஓரமா எண்ணினா ஒரிஜினல்ல 14 கட்டம், வந்த படத்துல 11. ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் பெருசாயிடுச்சு, பார்டர்ல இருந்த ரெண்டு மெல்லிய கோடு ஒண்ணாயிடுச்சு, கடுகு மஞ்சள் லேசா ஆரஞ்சு பக்கம் சாஞ்சிடுச்சு. தனியா பாத்தா ஒண்ணும் தெரியாது, ஒரிஜினல பக்கத்துல வெச்சாதான் தெரியும், வாங்குறவங்க கையில பார்சல் வந்ததும் அவங்க பண்றதும் அதேதான், போன்ல படத்தையும் கையில துணியையும் வெச்சு பாப்பாங்க. கட்டம் தப்புனா ரிட்டர்ன், ரெண்டு பக்க கூரியர் காசும் கடைக்காரர் தலைல.

மூணாவது வழி கொஞ்சம் பாடு, ஆனா என்னோட ஓட்டு இதுக்குதான். சேலை இருக்குற இடத்த தொடாதன்னு குறிச்சு வெக்கிற மாஸ்க் போட்டு பூட்டிட்டு, பொம்மையோட கழுத்து, கை, இடுப்பு, பின்னாடி சுவர் இத மட்டும் புதுசா வரைய வைக்கிறது. இன்பெயின்டிங்னு சொல்வாங்க. துணிய வெட்டி எடுக்க மெட்டா விட்ட செக்மென்ட் எனிதிங் போதும், சேலை மேல ரெண்டு மூணு இடத்துல கிளிக் பண்ணா புடிச்சிக்கும், கொசுவத்துக்கு நடுவுல இருக்குற இருட்டு மடிப்ப மட்டும் விட்டுடும், அத ஃபோட்டோபியாலயோ வேற எதுலயோ கையால நிரப்பிக்கணும். அப்புறம் மாஸ்க்க இன்வெர்ட் பண்ணி, அதாவது சேலைய விட்டு மத்த இடமெல்லாம் வரையிற இடமா மாத்தி, SDXL-ங்கிற படம் வரையிற மாடலோட இன்பெயின்டிங்க்கு குடுக்கணும், இந்த மாதிரி மாடல்கள ஓட்டுற ComfyUI-ங்கிற சாஃப்ட்வேர்ல பண்றது ஈஸி.

இங்க ஒரு ஓட்டை இருக்கு, மாஸ்க் போட்டும் கட்டம் கலங்குதேன்னு நிறைய பேர் குழம்புறது இதனாலதான். SDXL படத்த நேரடியா தொடாது, முதல்ல சுருக்கும், 8-க்கு 8 பிக்சல் சதுரத்த நாலே நாலு நம்பரா மாத்தி, வேலைய முடிச்சு திரும்ப விரிக்கும். மாஸ்க்குக்கு வெளிய இருக்குற சேலையும் இந்த சுருக்கி விரிக்கிறதுக்குள்ள போய்தான் வருது. மூணு பிக்சல் அகலத்துல ஒரு ஜரிகை கோடு இருந்தா அது திரும்பி வரும்போது கலங்கிதான் வரும். அதனால கடைசில ஒரிஜினல் சேலைய எடுத்து வந்த படத்து மேல அதே இடத்துல ஒட்டியே ஆகணும், ComfyUI-ல அதுக்கு ImageCompositeMasked-னு ஒரு நோட் இருக்கு. இன்னும் நல்லா பண்ணனும்னா ஆள் பாகத்த மட்டும் பெருசாக்கி, அது மேல கேமரால எடுத்த முழு ரெசல்யூஷன் சேலைய ஒட்டுங்க, கஸ்டமர் ஜூம் பண்ணா நூல் வரைக்கும் நிஜமா தெரியும், மத்த ரெண்டு வழிலயும் இது கெடைக்கவே கெடைக்காது. ஒட்டினது சரியா இருக்கான்னு ரெண்டு படமும் ஒரே சைஸ்ல இருந்தா ImageMagick-ல இப்படி பாத்துக்கலாம்:

```
magick asal.png pudhusu.png -compose difference -composite vithyasam.png
```

சேலை இருக்குற இடம் முழுக்க கருப்பா வந்தா ஒரு பிக்சலும் மாறலன்னு அர்த்தம். எடிட்டர்ல வந்த படத்த இதுல போட்டா சேலை பூராவும் மினுங்கும்.

இந்த வழில என்னென்ன சொதப்பும்னும் சொல்லிடணும். தலை இல்லாத பொம்மைன்னா போஸ் கண்டுபுடிக்கிற ஓபன்போஸ் பெரும்பாலும் தோத்துடும், ஆளே தெரியலன்னு வெறும் கருப்பு படம் குடுக்கும். ஆழம் பாக்குற டெப்த் கன்ட்ரோல்நெட் கைக்கு நல்லா வேலை செய்யும், ஆனா அதுல தலை இருக்குற இடம் வெறும் சுவரா பதிவாகும், அத அப்படியே நம்பினா கழுத்துக்கு மேல சுவர்தான் வரையும். அதனால தலை, கழுத்து, தோள் எலும்புக்கூட்ட மட்டும் நீங்களே கோடு போட்டு குடுங்க, தலை சைஸ கம்மியா வெச்சுடாதீங்க, கடை பொம்மைக்கு கழுத்தும் காலும் நிஜ ஆள விட நீளம், அளவு தப்பினா பாக்க ஒட்டகச்சிவிங்கி மாதிரி ஆயிடும். பழைய படத்த எவ்வளவு அழிச்சு புதுசா வரையணும்னு சொல்ற டினாய்ஸ் அளவ 1-க்கு பக்கத்துல வைங்க, பாதில வெச்சா பொம்மையோட வெள்ளை ஃபைபர் பளபளப்பு தோல்ல அப்படியே தங்கிடும்.

அடுத்தது ஓரம். ஜாக்கெட் கழுத்துலயும் முந்தி ஓரத்துலயும் முடி மாதிரி ஒரு வெள்ளை கோடு நிக்கும், அது பொம்மையோட மிச்சம். மாஸ்க்க துணி பக்கமா ரெண்டு மூணு பிக்சல் உள்ள தள்ளினா போயிடும், அதுக்கு மேல தள்ளினா பார்டரோட கடைசி கோட்டையே தின்னுடும். அப்புறம் கூந்தல்: சேலை பூட்டியிருக்குறதால தோள் மேல முன்னாடி விழுற முடி சேலை ஆரம்பிக்கிற இடத்துல கத்தரி போட்ட மாதிரி நின்னுடும். கொண்டை, இல்லன்னா பின்னாடி போட்ட பின்னல்னு கேட்டுடுங்க. நீளமான ஹாரமும் அதே கதைதான், கழுத்தோட ஒட்டின அட்டிகை போதும்.

வெளிச்சம் தான் கடைசி இடைஞ்சல். கடைல மேல இருந்து டியூப்லைட் அடிக்கும், ஏஐ வரையிற முகம் ஸ்டுடியோல எடுத்த மாதிரி மெத்துன்னு வரும், ரெண்டும் சேராது, பாக்குறவங்களுக்கு என்னன்னு தெரியாது ஆனா ஒட்டு வேலைன்னு மனசுல படும். ப்ராம்ட்ல மேல இருந்து வெளிச்சம்னு சொல்லலாம், அத விட பொம்மைய வாசல் பக்கம் நகத்தி வெயில் நேரா படாத பகல் வெளிச்சத்துல எடுத்துட்டு வந்தா பாதி பிரச்சினை போட்டோ எடுக்கும்போதே முடிஞ்சிடும்.

அப்ப எப்பவும் மூணாவதா? இல்ல. ஆர்கன்சா, ஷிஃபான், நெட் மாதிரி உள்ள இருக்குறது தெரியிற துணில பூட்டு முறை தோத்துடும், துணிக்கு உள்ளார இருந்து தெரியிற வெள்ளை பொம்மையையும் சேத்துதான் பூட்டுறீங்க, கை தோல் நிறத்துல இருக்கும், சேலைக்குள்ள தெரியிற இடுப்பு சுண்ணாம்பு மாதிரி இருக்கும். அங்க எடிட்டர்ல போட்டு, அதுல இருந்து உடம்பையும் மெல்லிசா தெரியிற பாகத்தையும் மட்டும் எடுத்துக்கிட்டு, பார்டரையும் முந்தி டிசைனையும் ஒரிஜினல்ல இருந்து ஒட்டணும். எடிட்டர் ஆள லேசா நகத்தி வெச்சிருக்கும், அதனால பொருத்துறதுக்கு கொஞ்சம் இழுத்து சரி பண்ண வேண்டி வரும். விலை கூடின பட்டு ஆர்கன்சான்னா நான் நிஜ மாடல்தான் சொல்வேன்.

தெரிஞ்ச ஜவுளிக்கடை அக்கா ஒருத்தங்க "குண்டா இருக்குறவங்களுக்கு எப்படி இருக்கும்னு காட்ட முடியுமாப்பா?"ன்னு கேட்டாங்க. பூட்டு முறைல முடியாதுக்கா, துணி பொம்மை சைஸ்லயேதான் நிக்கும். எடிட்டர் குண்டான ஆளையும் வரையும், ஆனா அந்த உடம்புல சேலை எப்படி விழும்ங்கிறது அதோட கற்பனை. சேலைக்கு அது பெரிய பாவம் இல்ல, தைச்ச குர்திக்கு அப்படி காட்டினா அளவு விஷயத்துல வாங்குறவங்கள ஏமாத்துற மாதிரி. குர்தில இன்னொண்ணும் பாருங்க, பொம்மைக்கு பின்னாடி கிளிப் போட்டு இறுக்கியிருப்பாங்க, மாத்துறதுக்கு முன்னாடியே அந்த ஃபிட் பொய்தான், கிளிப்ப கழட்டிட்டு எடுத்த போட்டோவ மட்டும் உள்ள விடுங்க.

லிஸ்டிங்ல முதல் படம் மாத்தினது, அடுத்தடுத்த படங்கள்ல பார்டரோட க்ளோஸப்பும் முந்தி விரிச்சு எடுத்ததும் கேமரால எடுத்தபடியே இருக்கட்டும், மாடல் படம் கம்ப்யூட்டர்ல பண்ணது, சேலை நிஜ போட்டோன்னு விவரத்துல ஒரு வரி போட்டுடுங்க. மூணாவது வழில பண்ணியிருந்தா மட்டும்தான் அந்த வரிய தைரியமா எழுத முடியும்.